காரைக்காலில் ஒரு மழை வாரம், மூன்று குறிப்புச் செயலிகள்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாசம். புதுச்சேரியில் ஒரு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, பிரெஞ்சு இந்தியாவின் பழைய அரசாங்க வெளியீடுகளிலிருந்து மடிக்கணினியில் குறிப்பு எடுத்தேன். அங்கே எனக்கு இணையம் இல்லை. சாயங்காலம் காரைக்கால் பேருந்து. சீர்காழி தாண்டும்போது, எடுத்த குறிப்பில் ஒரு விஷயம் நினைவுக்கு வர, அதே குறிப்பைக் கைபேசியில் திறந்து ஒரு பத்தி சேர்த்தேன். கைபேசியில் இருந்தது முந்தைய நாள் பிரதி. அதை நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மழை. ரெண்டு நாள் இணையம் இல்லை. மூன்றாம் நாள் வந்ததும் ரெண்டு கருவியும் பேசிக்கொண்டன. கைபேசியின் பிரதி ஜெயித்தது. மடிக்கணினியில் நான் சேர்த்திருந்த பதினோரு பதிவுகளின் பக்க எண்கள் போச்சு. பதிவுகளின் சாரம் என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது, பக்க எண் மட்டும் இல்லை. ஆனால் ஆவண ஆய்வில் பக்க எண் இல்லாத தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுபடியும் 130 கிலோமீட்டர் போய், மறுபடியும் புரட்டவேண்டியதுதான்.

எந்தச் செயலி என்று சொல்லப் போவதில்லை. அதன் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்தியது என் தப்பு. அதற்கப்புறம் மூன்று செயலிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சில மாதம் உண்மையான வேலையே செய்து பார்த்தேன். என் வரிசை இது: முதலில் ஆப்சிடியன், ரெண்டாவது ஜாப்ளின், மூன்றாவது லாக்சீக். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் சூழ்நிலை வேறாக இருந்தால் முதலிரண்டும் இடம் மாறலாம். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

எதை வைத்து அளந்தேன்

என் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்கால் துறைமுகம் வழியாக ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றியது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதியிலிருந்தும் ஆள் திரட்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு வழி கிடைத்தது. காரைக்கால் ஆள் ஏற்றும் இடங்களில் ஒன்றானது. இந்த ஊரின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அதன் தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஆக, இணையம் இருக்கும்போது படங்களை இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாதபோது படித்துக் குறிப்பெடுப்பதுதான் என் நடைமுறை.

வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2008இல் நிஷா காரைக்கால் பக்கம்தான் கரை கடந்தது. 2018இல் கஜா வேதாரண்யம் பக்கம். அப்படிப் பெரிய புயல் வராத வருஷத்திலும் இணையம் ஒரு நாள் ரெண்டு நாள் போவது சகஜம். அதனால் குறிப்பின் மூலப்பிரதியைச் சர்வரில் வைத்துக்கொண்டு கைபேசிக்கு ஒரு நிழலைக் காட்டும் செயலிகளை நான் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். மேலே சொன்ன மூன்றிலும் மூலப்பிரதி உங்கள் கருவியிலேயே இருக்கிறது. எனவே இணையம் இல்லாமல் எழுதலாமா என்ற கேள்வியில் மூன்றும் தேறும். வித்தியாசம் தெரிவது மற்ற ரெண்டில்தான்: சான்று காட்டுவதிலும் சிங்க்கிலும்.

சிங்க்குக்கு நான் வைத்த பரிட்சை சின்னது. நீங்களும் செய்து பார்க்கலாம். கைபேசி, மடிக்கணினி ரெண்டிலும் ஒரே குறிப்பு இருக்கட்டும். ரெண்டையும் விமானப் பயன்முறையில் போடுங்கள். கைபேசியில் ஒரு வரியின் கடைசியில் ஒரு சொல் சேருங்கள். மடிக்கணினியில் அதே வரியில் ஒரு எண்ணைத் திருத்துங்கள். பிறகு முதலில் கைபேசியை இணையுங்கள், அடுத்து மடிக்கணினியை. இப்போது ரெண்டு மாற்றமும் எங்கேயாவது இருக்கிறதா? இருந்தால், அது உங்கள் கண்ணில் படுமா? இந்த ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்தச் செயலியிலும் ஆய்வுக் குறிப்பை வைக்காதீர்கள்.

சான்று: மூன்றுக்கும் பொதுவான அடித்தளம்

நூல்களையும் ஆவணங்களையும் பட்டியலிட்டு வைப்பது குறிப்புச் செயலியின் வேலை இல்லை. அதற்கு ஜொடேரோ இருக்கிறது. 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, கணினியிலேயே இயங்குகிறது. அதில் ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு குறுங்குறி வைத்துக்கொள்ளலாம். குறிப்பில் அந்தக் குறி மட்டும் இருந்தால் போதும். உதாரணத்துக்கு ஒன்று, எண்கள் சும்மா வைத்தவை:

```
கோட்டுச்சேரி, பிறப்புப் பதிவு 37 [@karikal-naiss-1862, p. 41]
```

சதுர அடைப்புக்குள் இருப்பது வெறும் எழுத்து. எந்தச் செயலி மூடப்பட்டாலும், எந்த நீட்சி வேலை செய்யாமல் போனாலும், அந்த வரியைப் படிக்கும் யாருக்கும் எந்த மூலம், எந்தப் பக்கம் என்று தெரியும். கட்டுரையாக்கும் நேரத்தில் ஜொடேரோவிலிருந்து எடுத்த `.bib` கோப்பையும் குறிப்பையும் பாண்டாக் என்ற நிரலிடம் கொடுத்தால், குறிகள் முழுச் சான்றுகளாக மாறிவிடும்:

```
pandoc kurippu.md --citeproc --bibliography=karaikal.bib -o kurippu.docx
```

இதற்கு இணையம் வேண்டாம். குறியில் எழுத்துப்பிழை இருந்தால் `citation ... not found` என்று அந்தக் குறியைச் சொல்லி எச்சரிக்கும். கோப்பிலும் அந்த இடத்தில் கேள்விக்குறியோடு நிற்கும். ஆக தப்பு ஒளிந்துகொள்ளாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு மூலத்துக்குக் குறி வைத்த பிறகு அதை மாற்றாதீர்கள். ஆண்டைத் திருத்தினோம் என்று குறியையும் திருத்தினால் பழைய குறிப்புகள் எல்லாம் அநாதையாகிவிடும்.

இன்னொன்று, ஜொடேரோவின் சிங்க் அமைப்பில் கோப்புகளை எப்போது இறக்குவது என்று ஒரு தேர்வு உண்டு. அது `as needed` என்றிருந்தால் தலைப்பு மட்டும்தான் கணினியில் இருக்கும், கோப்பு இருக்காது. மழை நாளில் திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். `at sync time` என்று மாற்றிவிடுங்கள்.

இனி மூன்று செயலிகளும் இந்த அடித்தளத்தின்மேல் எப்படி நிற்கின்றன என்று பார்க்கலாம், கீழிருந்து மேலாக.

மூன்றாவது: லாக்சீக்

எனக்கு மிகவும் பிடித்த செயலி, கடைசி இடத்தில் இருப்பதில் வருத்தம்தான். எல்லாமே புள்ளி போட்ட வரிகள். ஒரு வரியை இன்னொரு பக்கத்தில் அப்படியே காட்டலாம். ஒரே ஆள் பெயர் பத்துப் பதிவேட்டில் வரும்போது இது அருமையான வசதி.

ஆனால் சான்றில் இடிக்கிறது. இதில் ஜொடேரோ இணைப்பு உள்ளேயே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். அந்த இணைப்பு உங்கள் கணினியில் இருக்கும் ஜொடேரோவோடு பேசுவதில்லை, இணையத்தில் இருக்கும் ஜொடேரோ கணக்கோடு பேசுகிறது. இணையம் போனால் புது மூலத்தைக் கொண்டுவர முடியாது. கையால் குறியை எழுதலாம், அது எங்கேயும் முடிகிறதுதானே. பிறகு பாண்டாக்கில் கொடுத்தால் கட்டுரை முழுக்கப் புள்ளிப் பட்டியலாக வருகிறது. மேற்கோள் காட்டிய வரிகளுக்குக் கீழே `id::` என்று நீளமான எண்களும் வருகின்றன. ஒவ்வொரு முறையும் களை எடுக்கணும்.

சிங்க்கில் இடிப்பது இன்னும் அடிப்படையான இடம். செயலியைத் திறந்ததும் அன்றைய தேதிப் பக்கம்தான் வரும், எழுதத் தொடங்குவதும் அங்கேதான். கைபேசியில் காலையில் ரெண்டு வரி, மடிக்கணினியில் மத்தியானம் பத்து வரி என்றால் ரெண்டுமே ஒரே கோப்பில் விழுகின்றன. மற்ற செயலிகளில் எப்போதாவது வரும் மோதல் இங்கே தினசரி வாய்ப்பு. இதற்கு மேலே, உருவாக்குபவர்கள் கோப்பு முறையிலிருந்து தரவுத்தள முறைக்கு நகர்கிறார்கள். வீடு மாறிக்கொண்டிருப்பவரிடம் பத்திரத்தைக் கொடுத்து வைப்பதில்லை, இல்லையா?

ரெண்டாவது: ஜாப்ளின்

சிங்க்கை மட்டும் பார்த்தால் அதிகம் யோசிக்காமல் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய செயலி இதுதான். திறந்த மூல நிரல். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் என்று நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் இடத்தையே நடுவில் வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் மறையாக்கம் செய்தும் அனுப்பும்.

என் பரிட்சையில் நடந்தது இது. கைபேசி முதலில் ஏற்றியது. மடிக்கணினி பிறகு வந்து பார்த்தபோது, சர்வரில் வேறு பிரதி இருப்பதைக் கண்டுகொண்டு, தன் பிரதியை `Conflicts` என்ற தனி நோட்டில் போட்டுவிட்டு, கைபேசியின் பிரதியை எடுத்துக்கொண்டது. ஆக, எதுவும் அழியவில்லை. அந்த நோட்டு பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வந்து நிற்கிறது. பேருந்தில் நான் இழந்த பக்க எண்கள் இதில் இருந்திருந்தால் தப்பித்திருக்கும். ஒரு நுணுக்கம்: அந்த `Conflicts` நோட்டு எந்தக் கருவியில் உண்டானதோ அங்கேயே இருக்கும், மற்றதற்குப் போகாது. எனவே கைபேசியில் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது.

கைபேசியில் இன்னொரு பொறி: இணைப்புக் கோப்புகளை எப்போதும் இறக்குவதா, கேட்டால் மட்டும் இறக்குவதா என்று அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. பதிவேட்டுப் படங்களைக் குறிப்போடு வைப்பவர்கள் அது `Always` என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஏன் முதலிடம் இல்லை? ரெண்டு காரணம். ஒன்று, குறிப்புகள் ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கின்றன. பாண்டாக்கிடம் கொடுக்கணும் என்றால் ஒவ்வொரு முறையும் ஏற்றுமதி செய்யணும். ஏற்றுமதிக்குப் பிறகு வேர்டில் திருத்துவோம், திருத்தம் மூலக் குறிப்புக்குத் திரும்பாது, ரெண்டும் பிரிந்து போகும். ரெண்டு, டிராப்பாக்ஸ் மாதிரி இணைய இடத்தை நடுவில் வைத்தால், அது இல்லாமல் சிங்க் நடக்காது. இணையம் போன நாளில் கைபேசியும் மடிக்கணினியும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் பேசிக்கொள்ளாது.

முதலாவது: ஆப்சிடியன்

திறந்த மூலம் இல்லை, ஆனால் இலவசம். இதன் ரகசியம் இதில் ரகசியமே இல்லை என்பதுதான். ஒரு கோப்புறை, அதற்குள் `.md` கோப்புகள். நோட்பேடில்கூடத் திறக்கலாம். பாண்டாக்கிடம் அதே கோப்பைக் கொடுக்கலாம், ஏற்றுமதி என்ற பேச்சே இல்லை. `Zotero Integration` என்ற நீட்சி கணினியில் ஓடும் ஜொடேரோவோடு நேரடியாகப் பேசுவதால், இணையம் இல்லாமலே குறியைத் தேடிச் செருகலாம். கைபேசியில் இந்த வசதி இல்லை. அங்கே குறியைக் கையால் எழுதுகிறேன். எனக்கு அடிக்கடி தேவைப்படுவது பத்துப் பதினைந்து குறிதான், அவற்றை ஒரு குறிப்பில் பட்டியலாகவே வைத்திருக்கிறேன்.

சிங்க்குக்கு அவர்களுடைய கட்டணச் சேவை ஒன்று உண்டு. நான் பயன்படுத்துவது சிங்க்திங் என்ற இலவச நிரல். அது நடுவில் சர்வர் வைக்காமல் கருவிக்குக் கருவி நேராகக் கோப்பை அனுப்புகிறது. ஒரே வைஃபை போதும், அந்த வைஃபைக்கு வெளி இணையம் இருக்கணும் என்று அவசியமில்லை. மின்சாரம் போன பிறகு ரௌட்டரை யுபிஎஸ்ஸில் போட்டு, கைபேசிக் குறிப்புகளை மடிக்கணினிக்கு வரவைத்த அன்றைக்குத்தான் இதற்கு முதலிடம் முடிவானது.

அதே பரிட்சையில் இதில் என்ன நடக்கிறது? பழைய நேரமுத்திரை உள்ள பிரதி இந்த மாதிரிப் பெயரில் தனிக் கோப்பாகிறது:

```
கோட்டுச்சேரி.sync-conflict-20241105-184210-ABCDEFG.md
```

இந்தக் கோப்பு ரெண்டு கருவிக்கும் போகும். எனவே எங்கிருந்தும் பார்க்கலாம். ஆனால் ஜாப்ளின் மாதிரி முன்னால் வந்து நிற்காது, கோப்புகளுக்கு நடுவே அமைதியாக இருக்கும். வாரம் ஒருமுறை ஆப்சிடியன் தேடலில் `file:sync-conflict` என்று போட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

ஆண்ட்ராய்டில் சிங்க்திங்கின் அதிகாரப்பூர்வச் செயலி 2024 கடைசியில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் கிளையான `Syncthing-Fork` வேலை செய்கிறது. நிறுவியதும் ரெண்டு அமைப்பைப் பாருங்கள். கைபேசியின் பேட்டரி சேமிப்பு அதைத் தூங்கவைக்காதபடி விலக்கு கொடுங்கள். வைஃபையில் மட்டும் ஓடு என்ற நிபந்தனை இருந்தால், கைபேசியே ஹாட்ஸ்பாட்டாக இருக்கும்போது அது ஓடாமல் நிற்கக்கூடும், ஏனென்றால் அப்போது கைபேசி எந்த வைஃபையிலும் சேரவில்லை. அடுத்து, கோப்புறையில் `.stignore` என்ற கோப்பில் இந்த வரியைப் போடுங்கள்:

```
.obsidian/workspace*.json
```

எந்தச் சன்னல் திறந்திருக்கிறது என்பதை ஆப்சிடியன் அதில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டால் அர்த்தமில்லாத மோதல் கோப்புகள் குவிந்து, நிஜ மோதல் அதற்குள் மறைந்துவிடும். `.stignore` தானாக மற்ற கருவிக்குப் போகாது, ஒவ்வொன்றிலும் தனியாக வைக்கணும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

முதலிடத்துக்கு ஒரு விலை உண்டு. ஆப்சிடியனில் குறிப்பின் தலைப்புதான் கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கோப்பு முறைகளில் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. ‘கோட்டுச்சேரி’ என்று எழுதினால் மெய், புள்ளி, உயிர்க்குறி எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு 12 குறிகள், 36 பைட். `.md`ஐக் கழித்தால் மொத்தம் 84 தமிழ்க் குறிகளுக்குத்தான் இடம், அதாவது எட்டொன்பது சொல். விண்டோஸ் எழுத்தைக் கணக்கிடுகிறது, பைட்டை இல்லை. அதனால் அங்கே நீளத் தலைப்பு வைத்தால் ஏற்றுக்கொள்ளும். கைபேசிக்கு மட்டும் அந்தக் குறிப்பு வந்து சேராது. ‘ஏன் இது மட்டும் வரலை’ என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் தலைப்பின் நீளத்தைப் பாருங்கள்.

இன்னொரு சங்கடம், ‘கோ’வில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்கொம்பும் காலும் என ரெண்டாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றே மாதிரி இருக்கும். பிரெஞ்சு é எழுத்துக்கும் இதே கதை. நெடுங்காட்டை `Nédouncadou` என்று எழுதிய பதிவைத் தேடும்போது ஒன்று கிடைத்து இன்னொன்று கிடைக்காமல் போகலாம். என் வழி இது: கோப்பின் பெயர் எளிய ரோமன் எழுத்தில், `1862-kottucherry-037` என்பது மாதிரி. தமிழ்ப் பெயர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் எல்லாம் குறிப்பின் உள்ளே. ஜாப்ளினில் தலைப்பு தரவுத்தளத்துக்குள் இருப்பதாலும், சர்வருக்குப் போகும் கோப்புக்கு வெறும் அடையாள எண்ணே பெயர் என்பதாலும், நீளத் தலைப்புப் பிரச்சினை அங்கே இல்லை. இது அதற்கு ஒரு நல்ல மதிப்பெண்.

யாருக்கு வரிசை மாறும்

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு சிங்க்திங் வழி அவ்வளவு சுலபம் இல்லை. வாரம் ஒருமுறை மோதல் கோப்பைத் தேடும் ஒழுங்கு உங்களுக்கு வராது என்று உங்களுக்கே தெரிந்தாலும் சரி, ஜாப்ளினை முதலில் வையுங்கள். குறியை `[@...]` என்றே கையால் எழுதுங்கள். கட்டுரை முடிக்கும்போது ஒரே ஒருமுறை ஏற்றுமதி செய்துகொண்டால் போதும்.

எதை எடுத்தாலும் சிங்க் என்பது காப்புப் பிரதி இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதுதான் அதன் வேலை. சிங்க்திங்கில் `File Versioning` இருக்கிறது. ஆனால் அது மற்ற கருவியிலிருந்து வந்த மாற்றத்துக்கு முன்னால் இருந்ததைத்தான் காக்கும். நீங்களே அதே கணினியில் அழித்ததை அங்கே காக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கோப்புறையை ஒரு பென் டிரைவில் தேதி போட்டு நகல் எடுக்கிறேன்.

1776இல் பிரெஞ்சு அரசு ஒரு உத்தரவு போட்டது: குடியேற்றங்களின் பொதுப் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு பிரதி எடுத்துக் கப்பலில் பிரான்சுக்கு அனுப்பணும் என்று. அப்படிப் போன பிரதிகளின் வரிசையைத்தான் இன்று காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு திரையில் புரட்டுகிறேன். என் பென் டிரைவ் அலமாரியில் இருக்கிறது. இந்த மழைக்கு முன்னால் ரெண்டாவது ஒன்று வாங்கி, கும்பகோணத்தில் தங்கை வீட்டில் கொடுத்து வைக்கணும்.